கலவையா, காட்பாடியா?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளைக்குத் திக்குவாய். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே முதல் சொல் வராமல் தவிக்கிறார். பார்க்கப் பொறுக்காமல் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அவர் முகம் வாடிவிடுகிறது. அடுத்த மாதம் உறவினர் கூடும் விருந்து இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர், ராணிப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

திக்குபவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சின் தொடக்கமே கடினம். அதிலும் தம் பெயரும் ஊரும் பலருக்கு மிகக் கடினம். ஏனெனில் வேறு எந்தச் சொல் சிக்கினாலும் அதே பொருள் தரும் இன்னொன்றுக்கு நழுவிவிடலாம், பெயருக்கு மாற்று கிடையாது. நாமோ புதிதாக வருபவரிடம் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்கிறோம்.

விருந்தில் உங்கள் அண்ணன், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை கலவைக்காரர் என்றால், 'க' என்னும் ஒலிக்காக நாவின் பின்பகுதி அண்ணத்தில் ஒட்டியபடியே நின்றுவிடக்கூடும். சொல் அவர் மனத்தில் தெளிவாகவே இருக்கிறது, காற்றுதான் நகரவில்லை. இமைகள் இறுகலாம், தாடை துடிக்கலாம், சத்தம் ஏதும் வராது. பெரும்பாலும் இது சில நொடிகளில் விடுபட்டுவிடும் என்றாலும், கேட்பவருக்கு அது நெடுநேரமாகத் தோன்றுவதால், "காட்பாடியா?" என்று கேட்டுவிடுகிறார். இனி மாப்பிள்ளைக்கு இரண்டே வழிகள்: தலையாட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகும் உங்கள் அண்ணனுக்குக் காட்பாடிக்காரராகவே இருப்பது, அல்லது மறுத்துவிட்டு, சிக்கிய அதே 'க'வுக்கு முன்னிலும் அவசரமாகத் திரும்புவது. ஊகம் சரியாக அமைந்தாலும் நிலைமை தேறாது. அடுத்த முறை நீங்கள் முந்துவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் விரைவார், அந்த விரைவே சிக்கலை இறுக்கும்.

ஆகவே கைகூப்பி வரவேற்ற பிறகு, மற்றவர்களிடம் பேசும்போது பார்ப்பதைப் போலவே அவரைப் பார்த்தபடி காத்திருங்கள். "நிதானமா சொல்லுங்க", "மூச்சை இழுத்துவிட்டுப் பேசுங்க" என்பவற்றையும் தவிருங்கள். அவர் சிறுவயது முதல் கேட்டுச் சலித்த வாசகங்களாக இருக்கும் அவை. இடையில் விழும் மௌனத்தைப் பேச்சின் முடிவென்று கொள்ளாதீர்கள். திக்கும்போது பலர் பார்வையை விலக்கிக்கொள்வதுண்டு; வாக்கியம் முழுமையாகி அவர் பார்வை உங்களிடம் திரும்பினால் முடித்துவிட்டார் என்று பொதுவாகக் கொள்ளலாம். பிறகு நீங்களும் சற்று மெதுவாகப் பதில் சொன்னால் உரையாடலின் வேகம் தானாகக் குறையும். தொலைபேசியில் முகம் தெரியாது என்பதால், "ஹலோ, ஹலோ" என்று அடுக்கி இணைப்பைத் துண்டிக்காமல், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பொறுக்க வேண்டியிருக்கும்.

விருந்துக்கு முன்பே உறவினரிடம் சொல்லி வைப்பதா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தனியாக இருக்கும்போது, "நானே உங்களை அறிமுகப்படுத்தட்டுமா, நீங்களே பேசிக்கொள்கிறீர்களா?" என்று மாப்பிள்ளையிடம் ஒரு முறை கேளுங்கள். சிலர் அறிமுகத்தை மட்டும் பிறர் செய்தால் நிம்மதி என்பார்கள். சிலருக்கு அதுவே அவமானம்.