இரண்டு வாரம், இரண்டு வேலை

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு ஆறு வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேறு வேலைக்கு மாற ஆசை. டேட்டா அனலிஸ்ட், சாஃப்ட்வேர் டெஸ்டிங் இரண்டும் பிடித்திருக்கிறது. யூடியூபில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் பயிற்சிக் கட்டணம் அதிகம், ஒன்றுக்குத்தான் கட்ட முடியும். அடுத்த மாதம் பதினைந்து நாள் விடுப்பு கிடைக்கும். ஒரு வாரம் அந்த வேலை, ஒரு வாரம் இந்த வேலை என்று வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாரத்தில் உருப்படியாக என்ன செய்வது?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பது வருடம் டெஸ்டிங்கில் இருந்தவன், என் பேச்சில் அந்தப் பக்கச் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் செய்ய நினைப்பதையே என் அக்கா மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் செய்தாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதையே சொல்கிறேன்.

டேட்டா வாரத்துக்கு அவள் இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் தரவு எதையும் எடுக்கவில்லை. அதெல்லாம் ஏற்கெனவே கழுவித் துடைத்து வைத்தது. அவளுடைய சித்தப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். போனில் வரும் ஆர்டர்களைக் கடைப் பையன் கூகுள் ஷீட்டில் ஏற்றுவான். நாற்பது நாள், அறுநூறு வரிக்குக் கொஞ்சம் மேலே. அதைக் கேட்டு வாங்கினாள். நீங்களும் இப்படி யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆபீஸ் கணக்கை மட்டும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், அது வேறு வம்பு.

முதல் நாள் முழுக்கக் கேள்விக்கே போனது. "எது நல்லாப் போகுதுன்னு பாரும்மா" என்றார் சித்தப்பா. அது கேள்வியே இல்லை, அரிசியும் எண்ணெயும்தான் போகும் என்பது அவருக்கே தெரியும். இரண்டு டீ குடித்த பிறகு உண்மையான கேள்வி வந்தது: அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் போகும்போது எந்தச் சரக்கைக் குறைக்கலாம்? அதை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டச் சொன்னேன். ஒட்டியது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த மூன்று நாள் துப்புரவு வேலை. "1 கி", "1kg", "ஒரு கிலோ", "1000" எல்லாம் ஒரே அளவு. தேதியில் இதைவிடப் பெரிய கோளாறு. எந்த நாட்டு முறைப்படி தேதியைப் படிப்பது என்று சொல்லும் Locale அமைப்பு ஷீட்டில் அமெரிக்காவில் இருந்தால் பையன் அடித்த 03/04 மார்ச் 4 ஆகிவிடும். அவன் சொல்ல வந்தது ஏப்ரல் 3. 13/04 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: யாரும் கை வைக்காத ஷீட்டில் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். ஒரே பத்தியில் பாதி இடமும் பாதி வலமுமாக இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. இதில் வலப்பக்கம் ஒட்டியதுதான் ஆபத்து. அது சரியானதுபோல உட்கார்ந்திருக்கும், மாதக் கணக்கைத் தப்பாகக் காட்டும்.

நாலாவது நாள் ராத்திரி போன் செய்தாள். "மாமா, பைத்தான்ல எண்ணிப் பார்த்தா கொத்தமல்லி ரெண்டு தடவை வருது. ரெண்டும் ஒரே எழுத்துதான். முன்னபின்ன இடைவெளி கூட இல்ல." எனக்குச் சிரிப்பு வந்தது, பழைய நண்பனைப் பார்த்த மாதிரி. திரையில் தெரியும் "கொ" என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றாகவே இருக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு:

```python
a = "க\u0bcaத்தமல்லி"
b = "க\u0bc6\u0bbeத்தமல்லி"
print(a == b, len(a), len(b))
```

இதற்கு `False 10 11` என்று பதில் வரும். பைத்தான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஷீட்டில் `=LEN(A2)` போட்டாலே ஒன்று 10, மற்றது 11 என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைப் பையன் சில பெயர்களை ஒரு பழைய விலைப்பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறான். அந்தப் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. பைத்தானில் மேலே `import unicodedata` என்று போட்டுவிட்டால் இதற்கு மருந்து ஒரே வரி: `unicodedata.normalize("NFC", s)`. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஷீட்டில் "மல்லி" என்று இன்னொரு பெயரும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் மல்லி என்றால் விதை, கொத்தமல்லி என்றால் தழை. அந்தப் பையனோ இரண்டுக்கும் இரண்டையும் எழுதியிருந்தான். இதை எந்த normalize-ம் தீர்க்காது. அளவைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்: கட்டு என்றால் தழை, கிராம் என்றால் விதை. மிச்சத்துக்குக் கடைக்குப் போன்.

இந்த இடத்தில்தான் நான் அவளைக் கவனித்தேன். கோளாறு பிடிபட்டதும் டேட்டா வேலைக்கு ஏற்றவர் ஒரு வரியில் சரிசெய்துவிட்டுச் சுவரில் ஒட்டிய கேள்விக்குத் திரும்புவார். அவர் மனது சரக்கில் இருக்கும். இவள் திரும்பவில்லை. எந்தக் கீபோர்டில் அடித்தால் எந்த "கொ" வருகிறது, "பொ" எப்படி, "கௌ" எப்படி என்று வீட்டில் இருந்த மூன்று போனையும் வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை சோதித்திருக்கிறாள். மறுநாள் காலையில் சுவரைப் பார்த்தபோதுதான் சித்தப்பா நினைவுக்கு வந்தாராம்.

எப்படியோ ஏழாம் நாள் ஒரு பக்கத்தில் முடிவை எழுதிக் கொடுத்தாள். நாற்பது நாளில் மூன்று தடவைக்கு மேல் விற்காத பதினோரு பொருள். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "குதிரைவாலியை நிறுத்த முடியாதும்மா. அதை வாங்குற டீச்சர் மாசச் சாமான் முழுக்க நம்மகிட்டதான் வாங்குறாங்க. அது இல்லன்னா அவங்களே வர மாட்டாங்க." ஷீட்டில் வாடிக்கையாளர் பெயர்ப் பத்தி இருந்தது, இவள் அதைத் தொடவே இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தில் ஒரு வார வேலை கவிழ்வது டேட்டா வேலையில் சகஜம். அப்போது மனதில் எழுவது எரிச்சலா, அல்லது "அட, அப்படின்னா யார் யார் எதைச் சேர்த்து வாங்குறாங்கன்னு பார்க்கலாமே" என்ற துறுதுறுப்பா? உங்களுக்கு எது வருகிறது என்று பாருங்கள். அவளுக்கு எரிச்சல் வந்தது.

சரி, டெஸ்டிங் வாரம். யாருடைய தளத்திலும் போய்க் கிண்ட வேண்டாம். பழகுவதற்கென்றே வேண்டுமென்று பிழைகளை வைத்துச் செய்த போலிக் கடை ஒன்று இருக்கிறது, saucedemo.com. ஆறே பொருள்தான் விற்கும். உள்ளே நுழையும் பெயர்களும் கடவுச்சொல்லும் முதல் பக்கத்திலேயே இருக்கும். standard_user என்று நுழைந்தால் கடை ஒழுங்காக நடக்கும், problem_user என்று நுழைந்தால் சேட்டை செய்யும்.

இங்கே பிழை கண்டுபிடிப்பது வேலையில் பாதிகூட இல்லை, எழுதுவதுதான் வேலை. அவள் எழுதிய முதல் அறிக்கை: "படம் தப்பா வருது." நான் புரோகிராமர் வேஷம் போட்டு, "எனக்குச் சரியாத்தான் வருதே" என்று திருப்பி அனுப்பினேன். என் முதல் வருடத்தில் "சேவ் ஆகவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பி, இரண்டு நாள் இப்படித்தான் பந்து உதைபட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது முயற்சியில் அவள் எழுதியது இது: "problem_user ஆக நுழைந்தால் பொருட்கள் பக்கத்தில் ஆறு பொருளுக்கும் ஒரே நாய்ப் படம் வருகிறது. standard_user ஆக நுழைந்தால் அந்தந்தப் பொருளின் படம் வருகிறது. மடிக்கணினி குரோமிலும் போன் குரோமிலும் இதேதான்." இனி யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எங்கே வரவில்லை என்று நான்கும் இருக்கிறது.

முதல் மூன்று நாளில் முப்பது சோதனைகளை எழுதி ஓட்டுங்கள். பெயரைக் காலியாக விடுவது, அஞ்சல் குறியீட்டில் எண்ணுக்குப் பதில் எழுத்து அடிப்பது, கூடையில் பொருளைப் போட்டு அடுத்த பக்கம் போய்த் திரும்பி வருவது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் என்ன வர வேண்டும் என்பதை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஓட்டிய பிறகு எழுதினால் வந்ததே சரி என்று மனது ஒப்புக்கொள்ளும்.

இதுவரை யாருக்கும் ஜாலியாகத்தான் இருக்கும். நாலாம் நாள் அதே முப்பதையும் வேறு பயனராக, ஐந்தாம் நாள் போனில், ஆறாம் நாள் வேறு உலாவியில், ஒன்றுவிடாமல் மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் புதிதாக எதுவும் கிடைக்காது. ஒரு இடத்தில் திருத்தினால் இன்னொரு இடம் உடையும் என்பதால் நிஜ வேலையில் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இது உண்டு. இப்போது இதில் பெரும்பகுதியை நிரல் எழுதி ஓட்டவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அந்த நிரலை எழுதவும் பழுதுபார்க்கவும் இதே பொறுமை வேண்டும். பதினெட்டாவது சோதனையில் பார்க்காமலே "சரி" என்று குறித்துவிட்டுப் போகத் தோன்றும். தோன்றினால் தப்பில்லை, ஆனால் அதை அன்று ராத்திரியே எழுதி வையுங்கள். அக்கா மகள் கொட்டாவி விட்டாள், திட்டினாள், ஆனால் குறியை மட்டும் பார்க்காமல் போடவில்லை. இப்போது டெஸ்டிங்கில்தான் இருக்கிறாள்.

இரண்டு வாரத்துக்கும் ஒரே நோட்டு வையுங்கள். தினமும் மூன்று வரி போதும்: நேரம் போனது தெரியாமல் செய்தது எது, தள்ளிப்போட்டது எது, யாரும் கேட்காமலே கூடுதலாகச் செய்தது எது. முதல் இரண்டு நாள் எழுதியதை நம்பாதீர்கள், புது மோகம் பேசும். நாலாம் நாளிலிருந்து படியுங்கள். ரிலீஸ் ராத்திரிகளும் மேனேஜர்களும் சம்பளமும் இந்த வாரங்களில் தெரியாது. அதற்கு வேலையில் இருப்பவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுவதுதான் வழி.

ஒன்று கேட்கிறேன். மாதக் கடைசியில் டேலி ஆகாமல் 18 ரூபாய் இடித்தால், வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதே, எங்காவது 53-ஐ 35 என்று இலக்கம் மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று வவுச்சர்களைப் புரட்டியிருப்பீர்கள். அது கிடைக்கும்வரை சாப்பிடப் போகாதவரா நீங்கள்? அல்லது அதை யாராவது பார்த்துக்கொள்ளட்டும், இந்த மாதம் நூல் செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்று யோசித்துக்கொண்டிருப்பவரா? நோட்டின் முதல் பக்கத்தில், விடுப்பு தொடங்கும் முன்பே, இதற்கான பதிலை எழுதிவிடுங்கள். பதினைந்தாம் நாள் திருப்பிப் பார்க்க உதவும்.