பேக்கப் போனது எந்தக் கணக்குக்கு? வாட்ஸ்அப் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய ஆண்ட்ராய்டு போனில் தினமும் பேக்கப் ஆகிக்கொண்டுதான் இருந்தது. புதிய போனில் என் ஜிமெயிலைப் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் பேக்கப் எதுவும் இல்லை என்கிறது. பழைய போனில் என்னுடையது, மகனுடையது, அலுவலகத்துடையது என்று மூன்று கணக்குகள் உள்ளன. ஆறு ஆண்டு உரையாடல்கள் போய்விட்டனவா? (மதுரை வாசகி)

பெரும்பாலும் போயிருக்காது; வேறொரு கணக்கில் இருக்கும். நீங்கள் ஜிமெயில் பார்ப்பதும் படங்களைச் சேமிப்பதும் எந்தக் கணக்கிலோ, அந்தக் கணக்குக்கே வாட்ஸ்அப் பேக்கப்பும் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வாட்ஸ்அப் அதைத் தனியாகக் கேட்கிறது. முதன்முதலில் நிறுவியபோது போனிலுள்ள கணக்குகளின் பட்டியல் ஒன்று திரையில் வந்திருக்கும். அவசரத்தில் விரல் பட்ட கணக்குக்கே அன்றிலிருந்து பேக்கப் போய்க்கொண்டிருக்கும். மீட்கும்போது அதே தொலைபேசி எண்ணும் அதே கூகுள் கணக்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். எண் சரியாக இருந்து கணக்கு மட்டும் மாறினாலும், பேக்கப் இல்லை என்றுதான் திரை சொல்லும்.

முதல் வேலையாக, புதிய போனில் மீட்காமலேயே வாட்ஸ்அப்பைத் தொடங்கியிருந்தால், Settings → Chats → Chat backup பகுதிக்குச் சென்று தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிடுங்கள். ஒரு கணக்கில் ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு பேக்கப்தான் இருக்கும். புதியது ஏறினால் பழையது அழிந்துவிடும். நான்கு செய்திகள் மட்டுமே உள்ள புதிய போன், தற்செயலாகச் சரியான கணக்கைத் தேர்ந்தெடுத்து இரவில் பேக்கப் எடுத்துவிட்டால், ஆறு ஆண்டுச் சேமிப்பு அந்த நான்கு செய்திகளாகச் சுருங்கிவிடும். கணக்கு தவறியதால் மட்டும் உரையாடல் அழிவதில்லை. அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்யும் இந்தப் பிழையால்தான் அழிகிறது.

அடுத்து, கணினியில் drive.google.com பக்கத்தை மூன்று கணக்குகளிலும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் உள்ள Storage பகுதியில் Backups என்று இருக்கும். உங்கள் எண்ணுக்கான வாட்ஸ்அப் பேக்கப் எந்தக் கணக்கில் உள்ளதோ, அங்கே தேதியுடன் தெரியும். தேதி அண்மையதாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் இடையில் எப்போதோ கணக்கை மாற்றியவர்களுக்கு இரண்டு கணக்குகளில் இரண்டு பேக்கப்புகள் இருப்பதுண்டு. மகனுடைய கணக்கில் இருப்பது தெரிந்தால், அந்தக் கணக்கைப் புதிய போனின் Settings வழியாகச் சேர்த்து, வாட்ஸ்அப்பை நீக்கி மீண்டும் நிறுவி, எண்ணைச் சரிபார்த்து, மீட்கச் சொல்லும் திரையில் மகனின் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட நாள்களில் புதிய போனுக்கு வந்த செய்திகள் இதில் போய்விடும். இரண்டையும் ஒன்றாக இணைக்க வழியில்லை. ஓடிபியை அடுத்தடுத்துக் கேட்டால் வாட்ஸ்அப் காத்திருக்கச் சொல்லும் என்பதால், கணக்கை உறுதிசெய்த பிறகே நீக்குவதும் நிறுவுவதும் நல்லது.

கேள்வி: அம்மாவின் பேக்கப் என் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. அதை டிரைவிலிருந்து இறக்கி அவருடைய கணக்கில் ஏற்ற முடியுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

முடியாது. அந்தக் கோப்பு டிரைவில் மறைவான பகுதியில் இருக்கிறது. அதை அழிக்கலாம், ஆனால் திறக்கவோ இறக்கவோ ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தவோ இயலாது. அம்மாவின் போன் வேலை செய்கிறதென்றால் நகர்த்த வேண்டிய தேவையும் இல்லை. Chat backup திரையில் கூகுள் கணக்கை அவருடையதாக மாற்றி, வைஃபையில் இருக்கும்போது Back up பொத்தானை அழுத்தினால், முழு பேக்கப்பும் அவர் கணக்கில் புதிதாக ஏறும். ஏறி முடிந்ததை அவர் கணக்கின் Backups பகுதியில் தேதியுடன் பார்த்த பிறகே உங்கள் கணக்கில் உள்ளதை அழியுங்கள். 2024 முதல் இந்த பேக்கப் கூகுளின் இலவச 15 ஜிபி இடத்தில் கணக்கிடப்படுகிறது. குடும்பக் குழுக்களின் காணொளிகள் உங்கள் டிரைவை நிரப்பியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கேள்வி: போன் வாங்கிய கடையிலேயே ஒரு ஜிமெயில் உருவாக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். கடவுச்சொல் எனக்குத் தெரியாது. பேக்கப் அதில்தான் இருக்கிறது. (தஞ்சாவூர் வாசகர்)

இப்படி வரும் கடிதங்கள் நிறைய. பழைய போன் கையில் இருந்து திரையும் நன்றாக இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை. மேலே சொன்னபடி அதிலேயே பேக்கப் கணக்கை மாற்றி உடனே ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். புதிய போனில் ஏற்கெனவே எண்ணைப் பதிவுசெய்துவிட்டதால் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறியிருந்தாலும் கவலை வேண்டாம். பழைய போனில் அதே எண்ணை மறுபடி சரிபார்த்தால் உரையாடல்கள் பெரும்பாலும் அப்படியே திரும்பிவிடும். சிம்மை மாற்றக்கூடத் தேவையில்லை: புதிய போனுக்கு வரும் ஓடிபியைப் பார்த்துப் பழைய போனில் தட்டச்சு செய்யலாம்.

இரண்டும் ஆண்ட்ராய்டு போன்கள் என்றால், பேக்கப் கணக்கையே நம்பாத வழி ஒன்றும் உண்டு. பழைய போனில் Settings → Chats → Transfer chats சென்று, புதிய போனில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைப் படித்தால், உரையாடல்கள் நேரடியாகப் போனிலிருந்து போனுக்கு மாறும். எண் ஒன்றாக இருக்க வேண்டும், போன்கள் இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். கூகுள் கணக்கு இதில் எங்குமே வருவதில்லை.

பழைய போன் உடைந்துவிட்டதென்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம்தான் வழி. கடைக்காரர் மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால் எளிது. தம்முடைய எண்ணைக் கொடுத்திருந்தால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கேள்வி: அலுவலகக் கணக்கில் பேக்கப் இருக்கிறது, அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். (சென்னை வாசகர்)

இன்றே மாற்றிவிடுங்கள். நீங்கள் விலகிய பின் அந்தக் கணக்கை நிறுவனம் முடக்கினால் பேக்கப்பை எட்ட முடியாது. கணக்கை அழித்தால் பேக்கப்பும் அதனுடன் போகும். கணக்கை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றிய கையோடு ஒருமுறை முழு பேக்கப் எடுத்து முடிக்க வேண்டும்.

கேள்வி: என் பேக்கப் மருமகனின் கணக்கில் இருந்தால் அவர் என் செய்திகளைப் படிக்க முடியுமா? (திருநெல்வேலி வாசகி)

டிரைவில் அந்தக் கோப்பைத் திறந்து படிக்க முடியாது. வேறு போனில் மீட்க வேண்டுமானால் உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி தேவை. இருந்தாலும், வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு உள்ள முழுக் குறியாக்கப் பாதுகாப்பு பேக்கப்புக்குத் தானாக வருவதில்லை. Chat backup திரையிலுள்ள End-to-end encrypted backup வசதியை நீங்களே இயக்க வேண்டும். அதற்கு வைக்கும் கடவுச்சொல்லை மறந்து, போனும் கைவிட்டுப் போனால், சரியான கணக்கு கையில் இருந்தும் பேக்கப் திறக்காது. ஆகவே அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வையுங்கள்.

கேள்வி: ஐபோனில் எனக்கு இரண்டு ஆப்பிள் கணக்குகள் உள்ளன. எதற்குப் போகும்? (திருச்சி வாசகர்)

Settings திறந்ததும் மேலே உங்கள் பெயரில் தெரியும் ஐகிளவுட் கணக்குக்குத்தான் போகும். செயலிகள் வாங்க மட்டும் பயன்படுத்தும் கணக்குக்குப் போகாது. கூகுள் கணக்கில் உள்ள ஆண்ட்ராய்டு பேக்கப்பை ஐபோனில் மீட்க முடியாது என்பதால், அங்கே கணக்கைத் தேடிப் பயனில்லை.