தாமதம் “ஏற்பட்டதா”, தாமதம் “செய்தோமா”?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். சென்னைக் கஸ்டமர் ஒருவருக்குக் கல் அனுப்பத் தாமதமாகிவிட்டது. பார்டர் கல்லில் கலரும் பிசகிவிட்டது. ‘தாமதம் ஏற்பட்டுள்ளது, நிற வேறுபாடு காணப்படுகிறது’ என்று மரியாதையாகத்தான் எழுதினோம். அவருக்குக் கோபம் கூடிவிட்டது. ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதினால் பழி முழுக்க எங்கள் மேல் விழாதா? இந்தச் செயப்பாட்டு வினையை எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

பதில்: நீங்கள் எழுதிய கடிதத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் “யாரால்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் “எங்களால்” என்று வந்து, படிப்பவரும் அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றால், அங்கே செய்வினைதான். “அவரால்” என்று வந்தால் செயப்பாட்டு வினையோ, “உறுதியானது” போன்ற ஆள் சுட்டாத வினையோ நல்லது. மழை, மின்வெட்டு என்று வந்தால் இந்தக் கவலையே வேண்டாம். அதை அப்படியே சொல்லலாம்.

கோபத்தைக் கிளப்பும் கடிதங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. உதாரணத்துக்கு ஒரு கூடம்: 20 அடிக்கு 25 அடி. 10 அங்குலக் கல்லாகப் போட்டால் 24 வரிசை, வரிசைக்கு 30, ஆக 720 கல். சுற்றி ஓடும் பார்டர் மட்டும் 104, உள்ளே பூக்கல் 616. 15ஆம் தேதி அனுப்புவதாகச் சொன்ன சரக்கு 27ஆம் தேதிதான் போகும். இந்த 12 நாளில் கஸ்டமர் மாதிரியை உறுதி செய்யப் பிந்தியது 4 நாள், மழையில் கல் காயாமல் கிடந்தது 3 நாள், சிவப்பைக் கூடுதலாகக் கலந்த பார்டர் கல்லை மறுபடி வார்க்க 5 நாள். வழக்கமான கடிதம் இப்படிப் போகும்:

“தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுள்ளது. பார்டர் கற்களில் நிற வேறுபாடு காணப்படுகிறது. தாங்கள் மாதிரியைத் தாமதமாக உறுதி செய்ததாலும் பணி தள்ளிப்போனது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

பட்டறை செய்த பிழைக்கு ஆளே இல்லை, தானாக “காணப்படுகிறது”. கஸ்டமர் செய்ததற்கு மட்டும் “தாங்கள்” வந்து நிற்கிறது. இலக்கணம் தெரியாதவர்கூட இதைப் படித்ததும் விரல் யார் பக்கம் நீள்கிறது என்று கண்டுகொள்வார். “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்பதும் அவருடைய சிரமத்துக்கான வருத்தம்தான், நம் செயலுக்கானது அல்ல. இதையே திருப்பி எழுதுவோம்:

“பார்டர் கல் 104இலும் சிவப்பை மாதிரியைவிட அடர்த்தியாக நாங்கள் கலந்துவிட்டோம். மன்னிக்கவும். அவற்றை ஒதுக்கிவிட்டு எங்கள் செலவில் புதிதாக வார்க்கிறோம். இதற்கு 5 நாள் ஆகும். மாதிரி 9ஆம் தேதி உறுதியானதும் வார்ப்பைத் தொடங்கினோம். இடையில் மழையால் 3 நாள் கல் காயவில்லை. பூக்கல் 616உம் தயார். மொத்தச் சரக்கையும் 27ஆம் தேதி லாரியில் ஏற்றுகிறோம்.”

“மாதிரி 9ஆம் தேதி உறுதியானது” என்பதில் யார் பிந்தினார் என்ற பேச்சே இல்லை. 5ஆம் தேதி சொல்லியிருக்க வேண்டியது அவருக்கே தெரியும். தேதி ஒன்றே போதும். இதைத்தான் ஆள் சுட்டாத வினையின் நல்ல பயன் என்கிறேன்: எதிராளியின் முகத்தைக் காப்பது. “முன்பணம் இன்னும் வந்துசேரவில்லை” என்பதும் இதே வகை. ஆனால் “தங்களால் தாமதமாக உறுதி செய்யப்பட்டது” என்று “ஆல்” சேர்த்தால் அந்த மென்மை போய்விடும். வரிசையும் முக்கியம். நம் பிழை முதலில் வரவேண்டும். அவருடைய 4 நாளை முதலில் வைத்தால், பின்னால் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

தமிழில் ஒளிந்துகொள்ள “படு” மட்டும்தான் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். உடைத்தோம் – உடைந்தது, தவறவிட்டோம் – தவறியது, மாற்றினோம் – மாறியது என்று இரட்டை வினைகள் நம்மிடம் ஏராளம். “கலர் மாறிவிட்டது” என்பதில் செயப்பாட்டு வினையே இல்லை. இருந்தும் கலந்தவர் காணாமல் போய்விடுகிறார். இன்னொரு இடம் எதிர்மறை. “அனுப்பினோம்” என்பதில் “ஓம்” விகுதியே ஆளைச் சொல்லிவிடும். “அனுப்பவில்லை” என்பதில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. கெட்ட செய்தியில் பாதி எதிர்மறையாகத்தான் இருக்கும். ஆகவே அங்கே “நாங்கள்” என்பதை எழுத்திலேயே போட வேண்டும்: “சொன்ன தேதியில் நாங்கள் அனுப்பவில்லை.” மற்ற இடங்களில் விகுதி பார்த்துக்கொள்ளும், வரிக்கு வரி “நாங்கள்” போட்டால் கடிதம் அழுகையாகிவிடும்.

செய்வினையிலும் நழுவலாம். “புதிதாக வந்த பையன் கலந்துவிட்டான்” என்று எழுதினால் செய்தவர் பெயர் தெளிவாக இருக்கிறது, பொறுப்பு மட்டும் பட்டறையை விட்டுப் போய்விட்டது. கஸ்டமர் பணம் கொடுத்தது பட்டறைக்கு. யார் கலந்திருந்தாலும் வெளியே போகும் கடிதத்தில் “நாங்கள்” தான். உள்ளே பையனிடம் பேச வேண்டியதை உள்ளேயே பேசிக்கொள்ளுங்கள்.

காரணம் இன்னும் தெரியாதபோது செயப்பாட்டு வினைதான் நேர்மையானது. இறக்கிய கல்லில் 14 விரிசல் விட்டிருக்கிறது. லாரியில் அடிபட்டதா, தண்ணீர்த் தொட்டியில் ஊறியது போதாதா என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். “14 கல்லில் விரிசல் காணப்படுகிறது. காரணத்தைப் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்” என்று எழுதுங்கள். தெரியாமல் “நாங்கள் சரியாக ஊறவைக்கவில்லை” என்று ஒப்புக்கொள்வதும் பொய்தான். வெள்ளிக்கிழமை வந்தபின் காரணம் தெரிந்தும் “காணப்படுகிறது” என்றே எழுதிக்கொண்டிருந்தால் அது மறைப்பு.

பழி விழுமே என்ற பயத்துக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் புகார் போனால், கல்லில் குறை இருக்கிறதா என்பதைக் கல்லையும் பில்லையும் ஒப்புக்கொண்ட மாதிரியையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். “காணப்படுகிறது” என்று எழுதியதால் குறை குறைந்துவிடாது. சிவப்பு கூடிப்போனது கண்ணுக்கே தெரியும் விஷயம். அதை ஒப்புக்கொள்வதில் புதிதாக எதையும் இழக்கவில்லை. யாருக்காவது காயம் பட்டிருந்தாலோ, காப்பீட்டுக் கோரிக்கை இருந்தாலோ கதை வேறு. அப்போது நடந்ததை நேரத்தோடு மட்டும் எழுதி, காரணம் பற்றிய வரியை வக்கீலிடம் காட்டிய பிறகு அனுப்புங்கள்.

எழுதுவதற்கு முன் போனில் சொல்லிவிடுவது நல்லது. அங்கேயும் இதே கணக்குதான்: “ஆச்சி, பார்டர் கல்லுல செவப்பை நாங்கதான் கூடக் கலந்துட்டோம். வேற வார்த்துத் தர்றோம். 27ந் தேதி லாரி ஏறிடும்.” இதன் பிறகு உடனே மழையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். அவர் கேட்டால் சொல்லலாம்.