விலகல் கடிதமும் பணித்தாள்களும்

“புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் தணிக்கையாளர் நான். சரக்கு இருப்புப் பதிவேட்டைக் காட்ட மறுக்கிறார்கள். விலகும்போது என்ன காரணம் எழுதுவது? பணித்தாள்களைக் கொடுத்துவிட வேண்டுமா?”

ஐயா, ‘சொந்தக் காரணங்களால்’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தப் பதிவேட்டை எந்தத் தேதியில் கேட்டீர்கள், யார் என்ன பதில் சொன்னார், அது கிடைக்காததால் எந்தத் தொகையைச் சரிபார்க்க இயலவில்லை என்பதை இயக்குநர் குழுவுக்கு எழுதும் கடிதத்தில் வரிசையாகச் சொல்லுங்கள். நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 140(2)-இன்படி, விலகிய 30 நாட்களுக்குள் இதே காரணங்களுடன் ADT-3 படிவத்தை நிறுவனத்துக்கும் புதுச்சேரி நிறுவனப் பதிவாளருக்கும் அளிக்க வேண்டும். கடிதத்தில் ஒன்றும் படிவத்தில் வேறொன்றும் இருந்தால், பின்னர் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நிறுவனத்தின் அசல் ரசீதுகள், பேரேடுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, கையொப்பம் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தயாரித்த பணித்தாள்களோ உங்கள் உடைமை. அவற்றை நிறுவனத்திடமோ புதிய தணிக்கையாளரிடமோ ஒப்படைக்கும் கட்டாயம் இல்லை. நிர்வாகம் மறுத்ததற்கான சான்றே அவற்றில்தான் இருக்கிறது என்பதால், அசலைக் கையைவிட்டுப் போகவிடாமல் 7 ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள். பொறுப்பேற்கும் முன் புதியவர் உங்களுக்கு எழுதிக் கேட்பது அவருடைய தொழில் நெறிக் கடமை. அப்போது, பதிவேடு மறுக்கப்பட்டதை அவருக்கும் எழுத்திலேயே தெரிவியுங்கள்.