மண்புழு உரம் செய்ய நகையை அடகு வைக்கலாமோ?

கேள்வி: தெஹிவளையில வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருக்கு. 2 லட்சத்துக்கு நகை அடகு வச்சு 4 தொட்டி, கூரை எல்லாம் போட்டு, 2 கிலோ மண்புழு வாங்கி விட யோசிக்கிறன். 2 கிலோ பை 250 ரூபாவுக்கு விக்கலாம், தோட்டக்காரரும் வாங்குவினமாம். சரிவருமோ அண்ணா?

பதில்: தங்கச்சி, நகையை எடுக்காதேங்கோ. தொட்டி பெருசு, புழு கொஞ்சம், அதுதான் பிரச்சினை. புழு ஒரு நாளைக்குத் தன்ர எடையில பாதிதான் சாப்பிடும், அப்ப 2 கிலோ புழு 1 கிலோ கழிவு, மாசம் 30 கிலோ, அதில உரமா வாறது மூண்டில ஒரு பங்குதான், தண்ணியா போறதுதான் கூட. 10 கிலோ எண்டா 5 பை, 1,250 ரூபா. அடகு வட்டி மாசம் ஒண்டரை வீதம் எண்டு வச்சாலும் 3,000 போயிடும்.

இந்தத் தொழில்ல முதலீடே புழுதான், அது வீட்டிலயே பெருகும். நல்லாப் பாத்தா சுமார் 3 மாசத்தில ரெண்டு மடங்கு, 9 மாசத்தில 16 கிலோ. அப்ப நாளைக்கு 8 கிலோ கழிவு போடலாம், மாசம் 80 கிலோ உரம், 40 பை, 10,000 ரூபா, பையும் போக்குவரத்தும் கழிச்சுத்தான் கையில. அதுவரைக்கும் பழைய மீன் பெட்டி நாலுக்கு அடியில ஓட்டை போட்டு, தும்புச்சோறு பரப்பி, நிழல்ல வைங்கோ, கூரை பிறகு.

சமையல் கழிவோட காஞ்ச இலை, கிழிச்ச காட்போர்ட் கலக்க வேணும். பச்சைச் சாணியை அப்பிடியே போட்டா சூடேறிப் புழு செத்துடும், 2, 3 கிழமை ஆறவிட்டுப் போடுங்கோ. உப்புப் போட்ட கறி, தேசிக்காய்த் தோல் வேண்டாம். புழு பெட்டிச் சுவரில ஏறி வெளிய வரப்பாத்தா உள்ள ஏதோ பிழை, அனேகமா ஈரம் கூடியிருக்கும், பெட்டிக்குள்ள இருக்கிற கழிவைக் கையில பிடிச்சுப் பிழிஞ்சா ஒண்டு ரெண்டு சொட்டுத்தான் வரவேணும்.

நான் முதல்ல செய்த உரத்தை ஈரத்தோட பிளாஸ்டிக் பையில அடைச்சு வித்தன், ஒரு கிழமையில வெள்ளைப் பூஞ்சணம் பிடிச்சு 6 பை திரும்பி வந்திட்டுது (அந்த அம்மா முகத்தை இன்னும் மறக்கேல்ல). நிழல்ல உலர்த்தி, சலிச்சு, தேயிலைத் தூள் மாதிரி உதிர்ந்தாப் பிறகு நிறுங்கோ. எடை குறையும், அந்த எடைக்குத்தான் கணக்குப் போடோணும்.

தோட்டம் செய்யிற விவசாயிக்கு விக்கிற எண்ணத்தை விடுங்கோ. ஒரு ஏக்கருக்கு 2 தொன் அளவில போடுவினம், உங்கட 80 கிலோவை ரெண்டு வருஷம் சேர்த்தாலும் ஒரு ஏக்கருக்குக் காணாது, அவர் தாற மொத்த விலையும் கட்டுபடியாகாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃப்ளாட் பல்கனியில கறிவேப்பிலையும் ரோஜாவும் வளர்க்கிற ஆக்கள் 2 கிலோ பைதான் கேப்பினம், அவைக்கு வாட்ஸ்அப்பில சொல்லி விடுங்கோ. 3 மாசத்துக்கு ஒருக்கா புழுவை நிறுத்துப் பாருங்கோ, பெருகேல்ல எண்டா காசு போடுறதை அங்கயே நிப்பாட்டுங்கோ.