ஹெல்த் கேம்ப் மெயிலுக்கு ஏன் பதில் வருவதில்லை?

"சின்ன கிளினிக் நடத்துகிறோம். 'உங்கள் ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தித் தருகிறோம்' என்று பக்கத்துக் கம்பெனிகளுக்கு மெயில் போட்டால் யாரும் பதில் போடுவதில்லை. மெயிலில் என்னதான் எழுதுவது?"

மெயிலைத் திறப்பவர் எச்ஆர். எத்தனை பேர் எவ்வளவு நேரம் வேலையை விட்டு எழுந்து போவார்கள் என்பதுதான் அவருடைய முதல் கவலை. "முழு உடல் பரிசோதனை" என்ற வரியில் அதற்கு விடை இல்லை. அதனால் எழுத உட்காருமுன் ஒரு கணக்குப் போடுங்கள்.

80 பேர், ஒரு டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 நிமிடம் பார்த்தாலே 400 நிமிடம் ஆகிவிடும். ரத்தம் எடுக்க எத்தனை மேசை போட்டாலும் கூட்டம் டாக்டர் அறை வாசலில்தான் தேங்கும். ஆகவே "அனைவருக்கும் டாக்டர் ஆலோசனை" என்று அள்ளி விடாதீர்கள். பிபி கூடுதலாக இருப்பவர்களை மட்டும் அன்றே டாக்டர் பார்க்கட்டும். மற்றவர்கள் ரிப்போர்ட் வந்தபின் பேசிக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையை வையுங்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் 80 பேரும் 8 மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும்; பாதிப் பேர் காபி குடித்துவிட்டுத்தான் வருவார்கள். எச்பிஏ1சிக்கு அந்தத் தொல்லை இல்லை. ரத்தசோகை இருந்தால் மட்டும் அந்த அளவை அப்படியே நம்ப முடியாது.

இனி மெயில் இப்படி இருக்கலாம்:

"பொருள்: உங்கள் அலுவலகத்திலேயே பிபி, சர்க்கரைப் பரிசோதனை, ஆளுக்கு 15 நிமிடம்

வணக்கம். காலை 9 முதல் 1 மணி வரை, இரண்டு மேசைகளில், மணிக்கு 20 பேர் வீதம் 80 ஊழியர்களைப் பரிசோதிக்கிறோம். எடை, பிபி, எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் உண்டு. ஈசிஜி, ஸ்கேன், மருந்து இதில் சேராது. முடிவுகள் அந்தந்த ஊழியருக்கு மட்டுமே தரப்படும். நிறுவனத்துக்குப் பெயரில்லாத மொத்த எண்ணிக்கை கிடைக்கும். உங்களிடம் நாங்கள் கேட்பது கதவுள்ள ஒரு அறையும் பத்து நாற்காலிகளும்."

நாற்காலி எதற்கு என்றால், பிபி பார்க்குமுன் 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். படியேறி வந்த வேகத்தில் பார்த்தால் நல்ல உடம்புக்காரருக்கும் கூடுதலாகக் காட்டும், அப்புறம் டாக்டர் முன்னால் தேவையில்லாத கூட்டம்.

முடிவு மேனேஜர் கைக்குப் போகும் என்ற பயம் இருந்தால் ஊழியர்கள் வரவே மாட்டார்கள். துறைவாரியாகவும் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஐந்து பேர் உள்ள டீமில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

பயன்களில் "லீவு குறையும்" என்று எழுத வேண்டாம். பணியிட உடல்நலத் திட்டங்கள் பற்றி 2019-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த பெரிய அமெரிக்க ஆய்விலேயே, 18 மாதத்துக்குப் பிறகும் லீவிலோ மருத்துவச் செலவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அறிகுறியே இல்லாத பிபியும் சர்க்கரையும் பிடிபடும், லேபுக்கென்று தனியாக லீவு போட வேண்டாம் என்பதோடு நிறுத்துங்கள்.

பிபி 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியும் இருந்தால் உடனே ஆம்புலன்ஸை அழைப்பது யார், கூடப் போவது யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கட்டணத்தையும் அதே மெயிலில் போடுங்கள், "நேரில் பேசலாம்" என்று தள்ளாதீர்கள்.