கண்ணாடி உடைஞ்சுச்சு சரி, உடைச்சவன் எங்க?

"'கண்ணாடி உடைஞ்சது', 'கண்ணாடி உடைக்கப்பட்டது' ரெண்டுலயும் செஞ்சவன் மறைஞ்சிருக்கான், ரெண்டும் ஒண்ணுதான்னு என் கைடுல இருக்கு. மொழியியல் பேப்பர்ல அப்படியே எழுதலாமா சார்?"

எழுதாதீங்க. ஆள் ஒளிஞ்சிருக்கிறது ஒண்ணுலதான். "வேணும்னே" சேர்த்துப் பாருங்க, "கண்ணாடி வேணும்னே உடைக்கப்பட்டது" சரியா வரும், "கண்ணாடி வேணும்னே உடைஞ்சது" இடிக்கும், ஏன்னா வேணும்னு நினைக்க அங்க ஆளே இல்ல. இப்ப "தானா" போடுங்க, அப்படியே தலைகீழாகும், தானா உடைஞ்சது சரி, தானா உடைக்கப்பட்டது தப்பு.

அப்ப உடைஞ்சதுங்கிற வினைக்கு வேண்டியது ஒரே ஒரு பொருள், பாதிக்கப்படுற கண்ணாடி. உடைச்சான்னு சொன்னா அதே கண்ணாடி "கண்ணாடியை"ன்னு செயப்படுபொருளாப் போயி, எழுவாய் இடத்துல ஒரு ஆளோ காத்தோ வந்து உக்காருது. எழுவாயா நின்னாலும் ஐ உருபு வாங்குனாலும் கண்ணாடிக்கு நடந்தது ஒண்ணுதான், நடத்தினவனைத்தான் சேர்க்கவோ விடவோ முடியுது.

எல்லா வினையும் இப்படி ஜோடி போடாது. உடை, உருகு, கிழி இதெல்லாம் முடிவுல பொருள் என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுது, எப்படி ஆச்சுன்னு அதுக்குக் கவலை இல்ல. வெட்டு அப்படி இல்ல, கூரான ஒண்ணும் அதைப் பிடிச்ச கையும் அர்த்தத்துக்குள்ளயே இருக்கு, அதனாலதான் மெழுகு உருகிச்சுன்னு சொல்ற மாதிரி "மரம் வெட்டிச்சு"ன்னு யாரும் சொல்றதில்ல.

அந்த கைடுகாரங்க இன்னொரு ஷார்ட்கட்டும் விப்பாங்க, "ந்த் வந்தா தன்வினை, த்த் வந்தா பிறவினை"ன்னு. உடைந்தது உடைத்தான் வரைக்கும் சரி, சிரித்தான், படுத்தான்னு வந்தா என்ன பண்ணுவாங்க? த்த் இருக்கு, யாரைச் சிரிச்சான்? அறிந்தான்ல ந்த் இருக்கு, ஆனா உண்மையை அறிந்தான்னு செயப்படுபொருள் வருது. பத்து வருஷமா பேப்பர் திருத்துறேன், இந்த ரெண்டு வரி அச்சடிச்ச மாதிரி வருது, விடைக்குறிப்பும் அதையே கேக்குறதால மார்க்கும் போட்டுத் தொலைக்க வேண்டியிருக்கு.

இப்ப நீங்க கண்டிப்பா கேப்பீங்க, "என்னால உடைஞ்சிருச்சு"ன்னு சொல்றோமே, அதுல ஆள் இருக்கேன்னு. இங்கதான் நிறையப் பேர் வழுக்கி விழுறாங்க. கை தவறி டம்ளரைப் போட்டவன்தான் இப்படிச் சொல்வான், கோவத்துல சுவத்துல வீசினவன் சொன்னா அவன் தப்பிக்கப் பாக்குறான்னு நமக்குத் தெரியும். "என்னால வேணும்னே உடைஞ்சிருச்சு"ன்னு சொல்லிப் பாருங்க, நாக்குலயே நிக்கும். "காத்தால உடைஞ்சது"ல காத்து எப்படியோ அப்படித்தான் இந்த "என்னால"வும், வெறும் காரணம். "திருடனால உடைக்கப்பட்டது"ல வர்ற ஆல்தான் செஞ்சவனைக் காட்டுது. உருபு ஒண்ணா இருக்குறதப் பாத்து ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டுடாதீங்க, வேணும்னே போட்டுப் பாத்துட்டு அப்புறம் போடுங்க.